‘நம்மள்’ என்று பெரியவர் சொன்ன இடம்

தக்கலையில் ஒரு விடுதியின் மாடி அறை. மேசை நடுவில் ஒரு செல்போன். அதில் பதிவான 2 மணி 38 நிமிடப் பேச்சைக் கேட்டு, நான்கு பக்கத்தில் ஆங்கிலத்தில் சுருக்கித் தர வேண்டும் என்பதுதான் எனக்கு வந்த வேலை. பேசியவர்கள் நான்கு பேர், இரண்டு கம்பெனிகளைச் சேர்ந்தவர்கள். மின்விசிறிச் சத்தம், டீ கிளாஸ் வைக்கும் சத்தம், வெளியே திருவனந்தபுரம் போகும் பஸ்களின் ஹாரன் எல்லாம் பேச்சோடு பேச்சாகப் பதிவாகியிருந்தன.

இதை எழுத இரண்டு தரப்பிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி ஊர்களையும் கணக்குகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஒரு சொல்லை மட்டும் மாற்றவில்லை.

நான் மார்த்தாண்டத்தில் மலையாளப் பிரமாணங்களை, அதாவது சொத்துப் பத்திரங்களை, தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துக் கொடுப்பவள். எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முந்தைய திருவிதாங்கூர் காலத்துப் பிரமாணங்கள் விளவங்கோடு பக்கம் பல வீடுகளில் மலையாளத்தில்தான் இருக்கின்றன. வங்கிக் கடனுக்கோ பாகப்பிரிவினைக்கோ அவற்றை எடுத்தால் கொல்லம் ஆண்டு, பழைய அளவுகள், பழைய எல்லைச் சொற்கள் என்று எல்லாவற்றையும் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எழுதிவைத்ததை மொழிபெயர்ப்பதில் ஒரு நிம்மதி உண்டு. எழுதியவர் யோசித்து எழுதியிருப்பார், சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பேச்சுக்கு அப்படி எதுவும் கிடையாது. இந்த வேலையை ஒத்துக்கொண்டபோது அந்த வேறுபாடு எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வழக்கு ரப்பர் பாலைப் பற்றியது. குலசேகரம் பக்கம் ஒரு கம்பெனி, எல்லை தாண்டிப் பாறசாலைப் பக்கம் ஒரு கம்பெனி. இரண்டும் அருமனை, கடையாலுமூடு தோட்டங்களில் பால் எடுப்பவை. ஒருவரின் பால் சேகரிப்பவரை இன்னொருவர் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடக் கொடுத்து இழுத்துக்கொள்வது பல வருடப் பழக்கம். இருவருமே கையுறை செய்யும் ஆலைகளுக்கு, அறுபது சதவீத ரப்பர் உள்ள கெட்டிப் பாலைத்தான் விற்கிறார்கள். தோட்டத்திலிருந்து வரும் பாலில் முக்கால்வாசி நாட்களில் முப்பதிலிருந்து நாற்பது சதவீதம்தான் ரப்பர் இருக்கும். அதைச் சுழல் இயந்திரத்தில் விட்டுத் தண்ணீரைப் பிரித்தால் கெட்டிப் பால் கிடைக்கும். பாறசாலைக்காரர்களின் இயந்திரம், பால் அதிகமாக வரும் மாதங்களில் பழுதாகிப் போனது. பால் என்பது காத்திருக்கிற சரக்கு அல்ல. அமோனியா ஊற்றி வைத்தாலும் எத்தனை நாளுக்கு வைக்க முடியும்? வேறு வழியில்லாமல் எதிரியின் வாசலுக்கே எட்டு டேங்கர் அனுப்பி, “கூலிக்குச் சுழற்றிக் கொடுங்கள்” என்றார்கள்.

டேங்கர் ஒன்றுக்கு 9,000 கிலோ. ஆக 72,000 கிலோ பால். பாலுக்கு விலையே அதிலுள்ள உலர் ரப்பருக்குத்தான். நூறு கிலோ பாலில் எத்தனை கிலோ உலர் ரப்பர் என்பதை எங்கள் பக்கத்தில் எல்லாரும் டி.ஆர்.சி. என்றே சொல்வார்கள். பாறசாலைக்காரர்கள் ஏற்றும்போது பார்த்தது 34. குலசேகரத்துக்காரர்கள் இறக்கியபின் ஆய்வகத்தில் பார்த்தது 31. மூன்று புள்ளிதான். 72,000 கிலோவில் மூன்று சதவீதம் என்றால் 2,160 கிலோ உலர் ரப்பர். அவர்கள் பேசிய விலை கிலோவுக்கு 175 ரூபாய், ஆக 3,78,000 ரூபாய். திரும்பி வந்த கெட்டிப் பால் 31-ஐ வைத்துக் கணக்கிட்டு வந்தது. மீதி எங்கே என்று பாறசாலைக்காரர்கள் கேட்டார்கள். மீதி என்று ஒன்று இருந்ததே இல்லை என்று குலசேகரத்துக்காரர்கள் சொன்னார்கள்.

பேச்சு முடிந்த மறுநாளே, ‘நேற்று என்ன ஒத்துக்கொண்டோம்’ என்பதில் இன்னொரு தகராறு வந்துவிட்டது. நல்லவேளையாகச் சம்மதத்தோடுதான் பதிவு செய்திருந்தார்கள். சென்னையில் இருக்கும் ஒரு கணக்காயரை நடுவராக வைத்துக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவுசெய்தார்கள். அவருக்கு மலையாளம் தெரியாது, தமிழும் அவர் தாய்மொழி இல்லை. இரண்டரை மணி நேரத்தையும் வரிவரியாக எழுதினால் தொண்ணூறு பக்கம் வரும், நான்கு பக்கம் போதும் என்றார்.

கேட்பதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். குலசேகரத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் பால் எடுக்கும் கொட்டகை வைத்திருக்கிறார். காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். பேரல்கள் வந்துகொண்டிருந்தன. அவர் ஒரு பங்கு பாலில் இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மெட்ரோலாக் என்கிற கண்ணாடி மிதவையை அதில் விட்டார். ரப்பர் தண்ணீரைவிட லேசானது. ரப்பர் கூடக்கூட மிதவை அதிகமாக அமிழும், தண்டில் உள்ள கோட்டைப் பார்த்து எண்ணைச் சொல்லிவிடலாம். ஒரு நிமிட வேலை. தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து ஊற்றினால் எண் கூடிவிடும். நுரை இருந்தால் கோடு தெரியாது. பேரலைக் கலக்காமல் மேலே மட்டும் மோந்து எடுத்தாலும் எண் கூடும், ஏனென்றால் பாலாடை போல ரப்பர் மேலே ஏறி நிற்கும். “ஆய்வகத்துல இப்பிடி இல்ல பாத்தியளா. கொஞ்சம் பாலை எடை போட்டு, ஆசிட் விட்டுத் திரிச்சு, தட்டை மாதிரி அழுத்தி, கழுவி, அடுப்புல வச்சு உலத்தி, பொறவு எடை போடுவாவ. மறுநாள்தான் கணக்கு தெரியும்” என்றார். அன்று அந்தக் கொட்டகையில் உட்காராமல் இருந்திருந்தால், பதிவில் ஒருவர் “மேலேந்து மோந்தா அப்பிடித்தான் வரும்” என்று சொன்னது எனக்கு ஒரு குத்தல் பேச்சாக மட்டுமே பட்டிருக்கும். அது அந்தப் பேச்சிலேயே மிகக் கனமான குற்றச்சாட்டு.

முதல் முறை கையில் பேனா இல்லாமல் முழுவதையும் கேட்டேன். யார் குரல் எது என்று பிடிபட வேண்டும். குலசேகரம் பக்கம் மேலாளர் ஒருவர், நிதானமானவர், எல்லாவற்றுக்கும் ‘சரி’ போடுபவர். பங்குதாரர் ஒருவர், பூர்வீகம் வள்ளியூர், குரல் சட்டென்று ஏறும். பாறசாலைப் பக்கம் எழுபதைத் தாண்டிய பெரியவர், கூட அவர் மகன். பெரியவர் மலையாளத்திலேயே பேசுகிறார். மகன் இரண்டையும் கலக்கிறார். குலசேகரத்துக்காரர்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். எல்லைப்பக்கத்தில் இது வழக்கம்தான், அவரவர் மொழியில் அவரவர் பேசுவோம், புரிந்துகொள்வோம். புரிந்துகொண்டதாக நினைத்துக்கொள்வோம் என்றும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திக் கேட்டு ஒரு குறிப்பேடு போட்டேன். நேரம், பேசியவர், அவர் சொன்னது என்ன வகை. கேள்வியா, மறுப்பா, நிபந்தனையா, உறுதியா, கோபமா என்று. இந்தக் கடைசிப் பத்திதான் உயிர். ஏனென்றால் சுருக்கம் எழுதும்போது கை தானாக ‘ஒப்புக்கொண்டார்’, ‘மறுத்தார்’ என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு அடைக்கப் பார்க்கும். மேலாளர் மொத்தம் நாற்பத்திமூன்று ‘சரி’ சொல்லியிருந்தார். அவற்றில் மூன்றைத் தவிர மற்றவை ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே சொல்லுங்கள்’ என்பதுதான். எப்படித் தெரியும் என்றால், சம்மதமான ‘சரி’க்குப் பிறகு அவர் எண்ணைத் திருப்பிச் சொல்வார். “சரி, அப்ப டேங்கருக்கு ஒன்பதாயிரம்.” கேட்டுக்கொண்டிருக்கிற ‘சரி’க்குப் பிறகு எதிராளி மூச்சு விடாமல் பேச்சைத் தொடர்வார். பெரியவர் பக்கம் ‘நோக்காம்’ என்று ஆறு முறை வருகிறது. நம் ‘பார்க்கலாம்’தான் அது. ஓர் இடத்தில்கூட அதைச் சம்மதம் என்று நான் எழுதவில்லை.

இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள்தான் என்னை அதிகம் அலைக்கழித்தன. 47-ஆம் நிமிடத்தில் பெரியவர் “வெள்ளம் சேர்த்து எந்நு பறயருது” என்று மேசையைத் தட்டுகிறார். தண்ணீர் கலந்தோம் என்று சொல்லாதே என்கிறார். மார்த்தாண்டம் பக்கத்தில் நாங்களும் குடிதண்ணீரை வெள்ளம் என்றே சொல்வோம், அதனால் அந்த அறையில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் இதே பதிவு சென்னையில் ஒருவர் கைக்குப் போயிருந்தால், ஏதோ மழை வெள்ளத்தில் சரக்கு கெட்டது என்று எழுதியிருக்க வாய்ப்புண்டு. பின்னால் ஓர் இடத்தில் பெரியவர் “ஞங்கள்க்கு விரோதமொந்நுமில்ல” என்கிறார். தமிழ்க் காதுக்கு ‘எங்களுக்குப் பகை ஒன்றும் இல்லை’ என்று சமாதானமாகக் கேட்கும். மலையாளத்தில் அது ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’. அதாவது உறுதியான சம்மதம். இனிமேல் இரண்டு தரப்பும் சேர்ந்துதான் மாதிரி எடுக்க வேண்டும் என்ற யோசனைக்கு அவர் சொன்ன பதில் அது. அந்த முழுப் பேச்சிலும் தெளிவாக முடிந்த விஷயம் அது ஒன்றுதான். பகை இல்லை என்று மொழிபெயர்த்திருந்தால் அதுவும் காணாமல் போயிருக்கும்.

பேச்சு கிட்டத்தட்ட உடைந்தது 1 மணி 9-ஆம் நிமிடத்தில். பெரியவர் தணிந்த குரலில், “ஒரு அவசரம் கூடி தரணம்” என்கிறார். மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. இன்னொரு வாய்ப்புக் கொடுங்கள் என்று, அந்த வயதில், போட்டிக்காரனிடம் அவர் கேட்கிறார். வள்ளியூர்க்காரருக்குக் காதில் விழுந்தது தமிழ் அவசரம். “என்ன அவசரம்? பதினஞ்சு நாளா நாங்கல்லா காத்துக் கெடக்கோம்! இப்ப உங்களுக்கு அவசரமா?” என்று சீறுகிறார். பெரியவர் அப்படியே நிறுத்திவிட்டார். அவமானப்பட்டவரின் மௌனம் அது, பதினோரு வினாடி. பிறகு மகன் கத்தத் தொடங்குகிறார். நாற்காலி இழுபடுகிறது. ஒன்பது நிமிடம் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் பேசுகிறார்கள், பழைய கணக்கெல்லாம் வருகிறது, யார் யாருடைய சேகரிப்பாளரை எந்த வருடம் இழுத்தார்கள் என்பது வரைக்கும். கடைசிவரை யாரும் அந்தச் சொல்லைத் திருத்தவில்லை. பெரியவர் தன் கெஞ்சல் மறுக்கப்பட்டதாகவே நினைத்துக்கொண்டார். வள்ளியூர்க்காரர் தன்னை விரட்டுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார்.

இந்த இடத்தை மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் திண்ணையில் நின்றேன். நான் அந்த அறையில் இருந்திருந்தால் ஒரு வாக்கியத்தில் தீர்ந்திருக்கும். இரண்டு வாரத்துக்குப் பின்னால் காதில் மாட்டிக் கேட்பவளால் அதைத் தீர்க்க முடியாது. சுருக்கத்தில் இரண்டு பேர் சொன்னதையும் அவரவர் பொருளில் எழுதி, கீழே ‘மொழிபெயர்ப்பாளர் குறிப்பு’ என்று தனியாக ஒரு வரி போட்டேன்: இந்தச் சொல்லுக்கு இரு மொழிகளில் வேறு வேறு பொருள். அதற்கு மேல், ‘ஆகவே கோபம் தேவையற்றது’ என்றெல்லாம் எழுதுவது என் வேலை அல்ல.

எல்லாச் சிக்கலும் வந்து குவிந்தது 1 மணி 41 நிமிடம் 52-ஆவது வினாடியில்.

சண்டை தணிந்து, டீ வந்து, குடித்து முடித்திருக்கிறார்கள். பேரலைக் கலக்காமல் மாதிரி எடுத்திருக்கலாம் என்று மகனே அரைகுறையாக ஒத்துக்கொள்கிறார். டேங்கரைக் கழுவிய தண்ணீர் ஒன்றிரண்டு நடையில் மிச்சம் இருந்திருக்கலாம் என்று மேலாளரும் இறங்கிவருகிறார். அப்போது மேலாளர் கேட்கிறார், “அப்ப இந்த நஷ்டம் யாரு தலையில?”

மூன்று வினாடி. யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். பெரியவர், “அது… நம்மள் சஹிக்காம்” என்கிறார்.

மேலாளர், “சரி.” மகன், “அச்சா, அது…” என்று தொடங்குகிறார். வெளியே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடிக்கிறது. ஹாரன் அடங்கும்போது பேச்சு அடுத்த நடைக்கு யார் மாதிரி எடுப்பது என்பதற்குப் போய்விட்டது.

‘சஹிக்காம்’ என்பதில் சந்தேகமில்லை. நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளலாம். யார் தாங்குவது? நம் மொழியைப் போலவே மலையாளத்திலும் இரண்டு ‘நாங்கள்’ உண்டு. ‘ஞங்கள்’ என்றால் கேட்பவரைத் தவிர்த்து நாங்கள். ‘நம்மள்’ என்றால் கேட்பவரையும் சேர்த்து நாம். இலக்கணப்படி பார்த்தால் பெரியவர் சொன்னது ‘நாம் இருவரும் தாங்கிக்கொள்வோம்’. அதாவது பாதிப் பாதி. மகன் அதைத்தான் சொல்கிறார். ஆனால் பேச்சு வழக்கு இலக்கணத்தை மதிப்பதில்லை. தன் வீட்டை ‘நம்ம வீடு’ என்று அடுத்தவரிடம் நாமும் சொல்கிறோமே, அப்படித்தான். மலையாளத்திலும் தன்னை மட்டும் குறிக்க, கொஞ்சம் பணிவாக, ‘நம்மள்’ என்பவர்கள் நிறைய. அப்படிப் பார்த்தால் பெரியவர் முழு 3,78,000 ரூபாயையும் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். குலசேகரத்துக்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதுவதால் இதிலிருந்து தப்பிக்க ஒரு சுலபமான வழி இருந்தது. ‘வீ’ என்று ஒரு சொல் போட்டால் போதும், ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். யாரும் என்னைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் படிப்பவர் என்ன நினைப்பார்? ஒரு கம்பெனி முதலாளி ‘வீ’ என்று சொன்னதாக எழுதியிருந்தால் அவருடைய கம்பெனி என்றே நடுவர் எடுத்துக்கொள்வார். சரியான சொல்லைப் போட்டுத் தவறான பொருளை அனுப்பிவைப்பது அது. அதை நான் செய்யவில்லை.

அதனால் மூன்றாம் முறை கேட்டேன், இந்த ஒரு சொல்லுக்காக மட்டும். பெரியவர் இரண்டரை மணி நேரத்தில் பதினான்கு இடத்தில் ‘நம்மள்’ அல்லது ‘நம்மளுடெ’ என்கிறார். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, பக்கத்தில் யார் என்று எழுதினேன். ‘நம்மளுடெ வண்டி’ என்றபோது அது பாறசாலை வண்டிதான், சந்தேகமே இல்லை. ‘நம்மளுடெ பணிக்கார்’ என்றபோதும் அவருடைய வேலைக்காரர்கள்தான். இப்படி ஒன்பது இடங்களில் தன் பக்கத்தை மட்டும் குறித்தார். நான்கு இடங்களில் இருவரையும் சேர்த்துச் சொன்னார். ‘நம்மள் ரெண்டு கூட்டரும் ஒரே தோட்டத்தில்நிந்நல்லே எடுக்குந்நது’ என்றது அதில் ஒன்று. இரண்டு தரப்பும் ஒரே தோட்டத்திலிருந்துதானே எடுக்கிறோம் என்கிறார். பதினான்காவது இந்த இடம்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தன் பக்கம் என்ற பொருளுக்கே தட்டு தாழ்கிறது. ஆனால் எண்ணிக்கைக்குள் இன்னொன்று இருந்தது. தன் பக்கம் என்று சொன்ன ஒன்பதில் எட்டு, ‘நம்மளுடெ’ என்ற உடைமைச் சொல். வண்டி, ஆள், தோட்டம். எழுவாயாக, வினையோடு ‘நம்மள்’ வந்த இடங்கள் ஐந்து. அவற்றில் ஒன்று தன்னை மட்டும் குறித்தது, நான்கு இருவரையும். அப்படிப் பார்த்தால் தட்டு மறுபக்கம் சாய்கிறது. ஐந்து என்பது எதையும் நிரூபிக்கப் போதாத எண்ணிக்கை என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு 1 மணி 58-ஆம் நிமிடத்தில் ஒரு சின்ன வாக்கியம். முதல் இரண்டு முறையும் நான் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். வள்ளியூர்க்காரர் எழுந்து போகிற போக்கில், “உங்க பங்க எப்பத் தருவிய?” என்று கேட்கிறார். பங்கு என்றால் பகிர்வு இருக்கிறது என்றுதானே ஆகிறது. அல்லது ‘நீங்கள் தர வேண்டியது’ என்பதைத்தான் பங்கு என்றாரோ? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. அதைச் சுருக்கத்தில் சேர்த்தால் பாறசாலைப் பக்கம் சாய்ந்ததாகும். விட்டால் குலசேகரத்துப் பக்கம். சுருக்கம் எழுதுபவருக்கு இதுதான் உண்மையான அதிகாரம் என்று அன்று பயத்தோடு உணர்ந்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், எதை விடுவது என்பதில் மட்டுமே ஒரு வழக்கைத் திருப்பிவிடலாம்.

அந்த வாரம் மேலாளர் எனக்குப் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். “அக்கா, ஒரு வரிதானே. அவரு ஒத்துக்கிட்டாருன்னு போட்டா முடிஞ்சு போச்சு. நாங்க நாலு பேரும் கேட்டதுதான.” மறுநாள் பெரியவரின் மகன். “சேச்சி, அச்சன் அப்படி முழுசும் ஏற்கிற ஆளு இல்ல. உங்களுக்கே தெரியும்.” எனக்கு அவருடைய அச்சனைத் தெரியாது, குரலை மட்டும்தான் தெரியும். இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்: நீங்கள் போனில் பேசியதையும் மற்றவருக்குத் தெரிவிப்பேன். சொன்னபடி இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரு செய்தி அனுப்பினேன். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

சுருக்கம் நான்கு பக்கத்துக்குப் பதில் ஐந்தரைப் பக்கம் ஆனது. முடிந்த விஷயம், முடியாத விஷயம், பொருள் தெளிவில்லாத விஷயம் என்று பிரித்தேன். ‘நம்மள்’ இடத்தை மட்டும் சுருக்கவே இல்லை. முன்னும் பின்னும் நாற்பது வினாடிகளை வரிவரியாக எழுதி, மூலச் சொல்லை அப்படியே வைத்து, இரண்டு பொருளையும் ஒன்றுக்கொன்று சம அளவில் எழுதினேன். பதினான்கு இடங்களின் பட்டியலை இணைத்தேன். மௌனம் மூன்று வினாடி, மகன் குறுக்கிட்டார், ஹாரன் காரணமாக அவர் சொன்னது கேட்கவில்லை என்பதையும் எழுதினேன். ‘பங்கு’ வாக்கியத்தையும் நேரத்தோடு சேர்த்தேன், அதற்கும் இரண்டு பொருள் உண்டு என்ற குறிப்போடு. எது சரி என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அதை எழுதவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.

நடுவர் நாகர்கோவிலுக்கே வந்தார். என்னையும் வரச்சொன்னார். பத்து நிமிடம் தாளைப் புரட்டிவிட்டு, அந்த நாற்பது வினாடியைப் போடச் சொன்னார். நான் போட்டேன். அதே நான்கு பேரும் தங்கள் குரலைத் தாங்களே கேட்டார்கள். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஹாரன் அடங்கியதும் நடுவர் என்னைப் பார்த்து, “அவரிடமே கேளுங்கள், யாரைச் சொன்னார் என்று” என்றார்.

கேட்டேன். பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. வேட்டி நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, “மோளே, ஞான் அப்போள் அது ஆலோசிச்சில்ல. வழக்கு நிந்நால் மதியெந்நு தோந்நி” என்றார். நான் அப்போது அதை யோசிக்கவே இல்லை, சண்டை நின்றால் போதும் என்று தோன்றியது என்று அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. இத்தனை நாள் அந்தச் சொல்லுக்குள் ஒரு பொருள் இருக்கிறது, நான்தான் கண்டுபிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே பொருளே இருந்திருக்கவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ‘அவசரம்’ குறித்த என் குறிப்பை வள்ளியூர்க்காரர் அன்றுதான் படித்திருந்தார் போல. அந்தப் பக்கத்தை விரலால் தொட்டுக்கொண்டு, பெரியவரைப் பார்த்து, “நீங்க அன்னிக்கு வாய்ப்புன்னா கேட்டிய?” என்றார். பெரியவர் தலையசைத்தார். “எனக்கு வேற மாதிரில்லா கேட்டுது” என்றார் இவர். பிறகு மேலாளரிடம் ஏதோ காதில் சொன்னார். மேலாளர் கால்குலேட்டரை எடுத்தார். 1,080 கிலோ, 1,89,000 ரூபாய், ஆளுக்குப் பாதி. “ஆட்டும்” என்றார் வள்ளியூர்க்காரர். அது சம்மதமான ‘ஆகட்டும்’. நடுவர் கேட்பதற்கு முன்னாலேயே எண்ணோடு அதை எழுதிக்கொண்டேன்.

மகனுக்கு இன்னும் சமாதானம் இல்லை. தன் அப்பா தேவையில்லாமல் விட்டுக்கொடுத்தார் என்பதுதான் அவர் கட்சி, 34-தான் சரி என்கிறார். இருக்கலாம். எட்டு டேங்கர் பாலும் எப்போதோ கையுறையாகிவிட்டது, இனிச் சோதித்துப் பார்க்க முடியாது. இப்போது ஒவ்வொரு நடைக்கும் இரண்டு தரப்பு ஆளும் நின்று, டேங்கரை நன்றாகக் கலக்கி, மூன்று புட்டியில் மாதிரி எடுக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று. மூன்றாவதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்து, தகராறு வந்தால் மட்டும் திறப்பதற்கு என்று எடுத்துவைக்கிறார்கள். பெரியவர் ‘விரோதமில்ல’ என்று சொன்னது இதற்குத்தான்.

என் குறிப்பேட்டில் இப்போது ஒரு பத்தி கூடியிருக்கிறது. நேரம், பேசியவர், வகை என்ற மூன்றுக்குப் பக்கத்தில் ‘யார்?’ என்று. ‘நம்ம’, ‘நாம’, ‘நம்மள்’ வரும் ஒவ்வொரு முறையும் அதை நிரப்புகிறேன். சில வரிகளில் அது காலியாகவே இருக்கிறது. போன மாதம் ஒரு குடும்பப் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது, 1 மணி 12 நிமிடம். அதில் பதினேழு கட்டங்கள் காலி.

தக்கலைப் பதிவின் நகலை, ஒப்புக்கொண்டபடி, இருவர் முன்னிலையிலும் அழித்துவிட்டேன். அந்த மூன்று வினாடியும் நாற்காலி நகரும் சத்தமும் இன்னும் காதில் இருக்கின்றன.